பெரியப்பாவின் ரத்தமும் பதர் நெல்லும்

மஞ்சள் வேவிச்ச பதிவுக்கு அப்புறம் மூணு மாசமா இந்தப் பக்கம் எதுவும் எழுதலை. "என்னங்க, வெள்ளாமையை விட்டுட்டீங்களா?"ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. விடலைங்க. பெரியப்பாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கும் லேபுக்கும் அலைஞ்சதுல காலம் ஓடிப்போச்சு. அந்த அலைச்சல்ல தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இன்னைக்கு எழுதறேன். டவுன்ல இருந்துக்கிட்டு ஊர்ல அப்பா அம்மாவை விட்டிருக்கறவங்க கொஞ்சம் நிதானமாப் படிங்க.

பெரியப்பாவுக்கு 72 வயசு. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துல ரெண்டரை ஏக்கர் நெல் வயல். ஆள் வெச்சு வேலை வாங்கற ஆள் இல்லை. வரப்பு வெட்டறதுல இருந்து மடை திருப்பறது வரைக்கும் அவரே. போன ஆடியில இருந்து மம்பட்டியை நாலு தடவை போட்டா அஞ்சாவது தடவை அதும்மேல சாய்ஞ்சு நின்னுக்குவாரு. "வயசாச்சு கண்ணு, அவ்வளவுதான்"ம்பாரு. பெரியம்மா வாரத்துக்கு ரெண்டு நாள் முருங்கைக்கீரை, ஞாயித்துக்கிழமை சுவரொட்டி. பக்கத்து ஊர் கிளினிக்ல ரத்தம் பாத்துட்டு ஹீமோகுளோபின் கம்மின்னு சொல்லி இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க. நாலு மாசம் ஒரு நாள் விடாம சாப்பிட்டாரு. மலம் கருப்பாப் போனதுதான் மிச்சம், ரத்தம் ஏறலை. மறுபடி பாத்தப்ப 8.1.

அந்த ரிப்போர்ட்டோட கோயமுத்தூர்ல ஒரு ரத்த நோய் டாக்டரம்மாகிட்ட போனோம். அவங்க முதல்ல கேட்டது, "பழைய ரிப்போர்ட் ஏதாச்சும் இருக்குதுங்களா?" பெரியம்மா எதையும் தூக்கிப் போடற ஆள் இல்லை. கண்புரை ஆபரேஷனுக்கு ரெண்டு வருஷம் முந்தி எடுத்தது, போன வருஷம் சர்க்கரைக்குப் பாத்தப்ப எடுத்தது, ரெண்டும் ரேஷன் கார்டு பைக்குள்ளயே இருந்துச்சு. மூணையும் வரிசையா மேசை மேல வெச்சாங்க.

ஹீமோகுளோபின் 11.4, அப்புறம் 10.2, இப்ப 8.1. தட்டணுக்கள் ஒரு லட்சத்து 52 ஆயிரம், ஒரு லட்சத்து 18 ஆயிரம், இப்ப 84 ஆயிரம். வெள்ளணுவும் அப்படியே இறங்கி 2,900. தனித்தனியாப் பாத்தா முதல் ரிப்போர்ட்ல யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. வரிசையா வெச்சாத்தான் மூணும் ஒண்ணா இறங்கறது தெரியுது.

டாக்டரம்மா பேனாவால இன்னொரு வரியைச் சுழிச்சுக் காமிச்சாங்க. எம்.சி.வி.ன்னு போட்டிருக்கும். சிவப்பணுவோட சராசரி அளவு. 80க்கும் 100க்கும் நடுவுல இருக்கணும். இரும்புச்சத்து பத்தலைன்னா சிவப்பணு சின்னதாயிரும், அந்த எண் 80க்குக் கீழ போகும். பெரியப்பாவுக்கு 101, 104, 107ன்னு ஏறியிருந்துச்சு. அணுக்கள் எண்ணிக்கையில குறையுது, அளவுல பெருக்குது. "இது இரும்புக் குறை மாதிரி தெரியலைங்க. மாத்திரையை நிறுத்திருங்க"ன்னாங்க.

எனக்குத் தெரிஞ்சவரைக்கும் ரத்தம் கம்மின்னா சத்து கம்மி. ஆனா அவங்க சொன்னது வேற. ரத்தத்துல அணுக்கள் குறையறதுக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு, உற்பத்தி ஆகற இடத்துல சரியா ஆகலை. இல்லைன்னா, நல்லா உற்பத்தியாகி வெளிய வந்தபிறகு வீணாப் போகுது: எங்கயோ கசியுது, உடையுது, இல்லை வீங்கின மண்ணீரல் பிடிச்சு வெச்சுக்குது. உற்பத்தி நடக்கற இடம் எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜை. அதுக்குள்ள போய்ப் பாக்கறதுக்கு முந்தி வெளிய இருந்தே கேட்டு முடிக்க வேண்டிய கேள்விகள் இருக்குது. அதை முடிக்காம எலும்புல ஊசி போடக் கூடாதுன்னாங்க.

அதனால ரெண்டு வாரம் வெறும் ரத்தப் பரிசோதனைதான். பி12, ஃபோலேட், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், மஞ்சள்காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி., வயித்துக்கு ஒரு ஸ்கேன். என்னென்ன மாத்திரை சாப்பிடறாரு, நாட்டு மருந்து உண்டா, சாராயம் உண்டான்னு ஒவ்வொண்ணா விசாரிச்சாங்க. எல்லாத்துக்கும் காரணம் இருக்குது. பி12 பத்தலைன்னாலும் இதே மாதிரிதான் அணுக்கள் பெருக்கும், மூணு வகையும் குறையும். நுண்ணோக்கியில மஜ்ஜையைப் பாத்தாக்கூட பி12 குறையும் நாம பயப்படற நோயும் அண்ணன் தம்பி மாதிரி இருக்குமாம். ஒண்ணு ஊசி போட்டாச் சரியாப் போறது, இன்னொண்ணு அப்படி இல்லை. சாராயத்துக்கும், மூட்டுவாதத்துக்குக் குடுக்கற மெத்தோட்ரெக்சேட் மாதிரி சில மாத்திரைகளுக்கும் இதே கதைதான். உடம்புல தாமிரச்சத்து குறைஞ்சாக்கூட மஜ்ஜை இப்படி வேஷம் போடுமாம்.

பெரியப்பாவுக்கு பி12 சரி, ஃபோலேட் சரி, தைராய்டு சரி. சிறுநீரகமும் கல்லீரலும் சுத்தம். மண்ணீரல் வீங்கலை. குடி எப்பவும் கிடையாது. இரும்பு இருப்பைக் காட்டற ஃபெரிட்டின் 420, அதாவது கிடங்கு நிறைஞ்சு கிடக்குது. நாலு மாசம் மாத்திரை சாப்பிட்டதும் அந்தக் கிடங்குலதான் போய்ச் சேர்ந்திருக்கு.

இதுல என்னை யோசிக்க வெச்சது ரெட்டிகுலோசைட்டுன்னு ஒரு எண். மஜ்ஜையில இருந்து புதுசா வெளிய வந்த இளம் சிவப்பணுக்களோட கணக்கு. ரத்தம் கசிஞ்சோ உடைஞ்சோ குறையுதுன்னா, மஜ்ஜை பதறிக்கிட்டு இளசுகளை நிறைய அனுப்பும், இந்த எண் ஏறும். பெரியப்பாவுக்கு 8.1ல நிக்கிற ரத்தத்துக்கு ஏறியே ஆகணும். ஏறலை. கோளாறு வாய்க்கால்ல இல்லை, தலைமடையிலதான்னு அந்த ஒரு எண்ணே சொல்லிருச்சு. அப்புறம் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டுல தேய்ச்சு அவங்களே பாத்தாங்க. வெள்ளணுவோட உட்கரு மூணு நாலு துண்டா இருக்கணும். இவருக்குப் பல அணுக்கள்ல ரெண்டே துண்டு, மூக்குக்கண்ணாடி மாதிரி. உள்ள இருக்க வேண்டிய பொடிமணிகளும் குறைவு. "இப்ப மஜ்ஜையைப் பாத்தாகணும்"ன்னாங்க.

ஏன் ரத்தத்தையே இன்னும் நல்லாப் பாத்து முடிவு சொல்லக் கூடாதான்னு கேட்டேன். ரத்தத்துல வர்றது களத்துக்கு வந்து சேர்ந்த நெல் மட்டும்தாங்க. களத்துல குவியல் குறைஞ்சா, வயல்ல பயிரே இல்லையா, பயிர் இருந்தும் மணி பிடிக்கலையா, களை அடைச்சிருச்சான்னு குவியலைப் பாத்துச் சொல்ல முடியாது. வயல்ல இறங்கணும். மஜ்ஜை வறண்டு காலியாக் கிடக்கலாம். ரத்தப் புற்று அணு உள்ள பெருகிக்கிட்டு இன்னும் வெளிய வராம இருக்கலாம். மைலோமா, லிம்போமான்னு வேற நோய் வந்து இடத்தைப் பிடிச்சிருக்கலாம். நம்ம நாட்டுல காசநோய்கூட மஜ்ஜைக்குள்ள போய் உக்காந்திருக்கும். இல்லைன்னா மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம், சுருக்கமா எம்.டி.எஸ். இத்தனைக்கும் வெளிய தெரியற அறிகுறி ஒண்ணுதான்: எண்ணிக்கை கம்மி. வைத்தியமோ ஒவ்வொண்ணுக்கும் வேற.

பெரியப்பா அதுவரைக்கும் வாயே திறக்கலை. அப்பத்தான் கேட்டாரு: "ஏனுங்கம்மா, முதுகெலும்புல ஊசி போட்டா கால் வராமப் போயிரும்ங்கறாங்களே?"

"முதுகெலும்புக்குப் பக்கத்துலயே போகமாட்டோமுங்க. இடுப்பு எலும்பு, பின்பக்கம். அங்க கால் நரம்பு ஏதும் இல்லை. நீங்க நடந்தே வீட்டுக்குப் போவீங்க."

அதுதான் நடந்துச்சு. பக்கவாட்டுல படுக்க வெச்சு முழங்காலை மடக்கச் சொன்னாங்க. இடுப்புக்குப் பின்னாடி கை வெச்சா ஒரு மேடு தட்டுப்படும், அந்த இடம். தோலையும் எலும்போட மேல்சவ்வையும் மரத்துப்போக ஊசி. அப்புறம் கொஞ்சம் தடிச்ச ஊசியை எலும்புக்குள்ள இறக்கி மஜ்ஜைத் திரவத்தை உறிஞ்சினாங்க. எலும்போட உள்பக்கத்தை மரக்க வைக்க முடியாது, அதனால உறிஞ்சற அந்த அஞ்சு பத்து நொடி மட்டும் சுரீர்னு காலுக்கு இழுக்கும். "உள்ள இருந்து உசுரை உறிஞ்சற மாதிரி இருந்துச்சு, அப்புறம் ஒண்ணுமில்லை"ன்னாரு பெரியப்பா. முதல்ல எடுக்கற கொஞ்சூண்டு மட்டும்தான் தகட்டுல தேய்க்க ஆகும். ஒரேயடியா நிறைய உறிஞ்சினா சாதா ரத்தம் கலந்து மஜ்ஜை நீர்த்துப்போகும். பக்கத்துல நின்ன லேப் பையன் தகட்டைச் சாய்ச்சுப் பிடிச்சு, ரவை மாதிரி பொடித்துகள் வந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் சரின்னான். அடுத்த உறிஞ்சல் குரோமோசோம் பாக்கறதுக்கு. கடைசியா இன்னொரு ஊசியால எலும்பையே ஒரு துண்டு, பென்சில் ஊக்கு தடிமன்ல ஒண்ணரை ரெண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு எடுத்தாங்க. திரவம் அணுக்களோட முகத்தைக் காட்டும், துண்டு அதுங்க எப்படி நெருங்கிக் கிடக்குதுன்னு காட்டும். சிலருக்கு உள்ள நார் பிடிச்சுத் திரவமே வராதாம். அப்ப இந்தத் துண்டு ஒண்ணுதான் கதி. கட்டுப் போட்டு அரைமணி நேரம் மல்லாக்கப் படுக்க வெச்சாங்க. தட்டணு 84 ஆயிரம்னு நான் பயந்தேன். அழுத்திப் பிடிச்சாலே ரத்தம் நிக்கிற இடம்தான்னாங்க. பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுட்டு ஊருக்கு வந்தோம்.

முடிவு ஒரே நாள்ல வராதுங்க. தகடு மூணு நாள். எலும்புத் துண்டுல இருக்கற சுண்ணாம்பைக் கரைச்சாத்தான் சீவ முடியும், அதுக்கு ஒரு வாரம். குரோமோசோமுக்கு அணுக்களை வளர்த்து, பிரியற நேரத்துல பிடிச்சுப் பாக்கணும், ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. போன் பண்ணிப் பண்ணி அவங்களைத் திட்டறதுல பிரயோஜனம் இல்லை.

ரிப்போர்ட்ல முதல் வரியைப் பாத்து எனக்குக் குழப்பம். மஜ்ஜை காலியா இருக்கும்னு நெனச்சேன். இந்த வயசுல எலும்புக்குள்ள 30 சதவீதம் அணுவும் மீதி கொழுப்பும் இருக்கறது சகஜம். பெரியப்பாவுக்கு 70 சதவீதம் அணு. உள்ள கூட்டம் நெரியுது, வெளிய ரத்தத்துல ஆள் இல்லை. இது எப்படிங்கன்னு கேட்டதுக்கு டாக்டரம்மா ஏதோ சொல்ல ஆரம்பிக்க, பெரியப்பா முந்திக்கிட்டாரு: "பதர் விழுந்துருச்சுங்களா?"

அதேதாங்க. பூக்கற நேரத்துல வெயிலோ பூச்சியோ தாக்கின வயலை ரோட்டுல போறவன் பாத்தா நல்ல வெள்ளாமைன்னுதான் சொல்லுவான். கதிர் நெருக்கமா நிக்கும். உருவிப் பாத்தா மணி இருக்காது. எம்.டி.எஸ்.ல மஜ்ஜைக்குள்ள இருக்கற ஒரு தாய் அணுவுல மரபுக் கோளாறு விழுந்து, அதோட வாரிசுகளே வயலை நிறைச்சிருது. அதுங்க அணு அணுவா உருவாகும், ஆனா முதிர்ந்து ரத்தத்துக்கு வர்றதுக்கு முந்தியே உள்ளயே செத்துப்போகும். வர்ற கொஞ்சமும் உருவம் கெட்டது. அந்தக் கோளாறு வருஷக்கணக்கா ஒண்ணொண்ணாச் சேர்றதாலதான் இது பெரும்பாலும் அறுபது எழுபது தாண்டினவங்களுக்கு வருது.

உருவம் கெட்டதுன்னு வாயால சொன்னாப் போதாது, எண்ணணும். ஒரு வகை அணுவுல பத்து சதவீதமாவது கெட்டிருந்தாத்தான் கணக்கு. பெரியப்பாவுக்குச் சிவப்பணுக் குஞ்சுகள்ல பலதுக்கு ரெண்டு உட்கரு. தட்டணுவைப் பொரிக்கற பெரிய அணுக்கள் குட்டையா, ஒத்தை உட்கருவோட. ரெண்டுமே பத்தைத் தாண்டியிருந்துச்சு. அடுத்து பிளாஸ்ட்டுன்னு சொல்ற பச்சைக்குஞ்சு அணுக்களை எண்ணறாங்க. ஐநூறு அணுவை எண்ணி அதுல எத்தனைன்னு பாப்பாங்க. அஞ்சு சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். இருபதைத் தொட்டா அது கடுமையான ரத்தப் புற்று. இவருக்கு 2. குரோமோசோம் இருபது அணுவுலயும் ஒழுங்கா இருந்துச்சு.

இந்த ரெண்டு எண்ணும் ரத்தப் பரிசோதனையில கிடைக்காது. அதுக்குத்தான் அந்த ஊசி. பிளாஸ்ட், குரோமோசோம், ஹீமோகுளோபின், தட்டணு, வெள்ளணுவுல நியூட்ரோஃபில், இந்த அஞ்சுக்கும் மார்க் போட்டுக் கூட்டறாங்க. குரோமோசோமுக்கு 1, ஹீமோகுளோபின் எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல, அதுக்கு 1, தட்டணுவுக்கு அரை, மத்த ரெண்டுக்கும் பூஜ்யம். மொத்தம் ரெண்டரை. மூணு வரைக்கும் குறைந்த அபாயம். அந்தப் பிரிவுல பாதிப்பேர் அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறாங்கன்னு கணக்கு. ரத்தத்துல இதே 8.1 உள்ள இன்னொருத்தருக்கு பிளாஸ்ட் 12ன்னும் குரோமோசோம் மோசமாவும் வந்திருந்தா, அவருக்கு ஊசி மருந்து வைத்தியம் உடனே ஆரம்பிக்கணும், இளவயசா இருந்தா மஜ்ஜை மாற்றுக்குப் பேசணும். அஞ்சாவது குரோமோசோம்ல ஒரு துண்டு இல்லைன்னா அதுக்குன்னே கேட்கற மாத்திரை இருக்குது. பாக்காம வைத்தியம் பண்ண முடியாதுங்கறது இதனாலதான்.

இது புற்றுநோயான்னு கேப்பீங்க. ஆமாங்க, ரத்தப் புற்றுநோய் வகையிலதான் சேர்த்திருக்காங்க. ஆனா மூணுல ஒருத்தருக்குத்தான் அது கடும் ரத்தப் புற்றா மாறுதுன்னு சொல்றாங்க. பெரியப்பாகிட்ட டாக்டரம்மா மறைக்கலை. அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "மருந்தடிச்சதால வந்துச்சுங்களா?"ன்னாரு. நாப்பது வருஷம் முதுகுல டேங்க் மாட்டினவரு. பென்சீன், முந்தி எடுத்த புற்றுநோய் மருந்து, கதிர்வீச்சு, இதெல்லாம் காரணம்னு உறுதியாத் தெரியும். பூச்சிக்கொல்லிக்கும் தொடர்பு இருக்கறதாச் சில ஆய்வுகள் சொல்லுது. ஆனா உங்க ஒருத்தருக்கு இதனாலதான்னு சொல்ல முடியாதுன்னாங்க. எனக்கு அந்தப் பதில் பிடிச்சிருந்துச்சு.

இப்ப வாரம் ஒரு எரித்ரோபாய்ட்டின் ஊசி. சிறுநீரகம் சுரக்கற பொருள்தான், மஜ்ஜையைத் தட்டி எழுப்பும். ரத்தத்துல அது ஏற்கனவே 500க்கு மேல இருந்தா ஊசிக்குப் பலன் கம்மி, இவருக்கு 96. எட்டு வாரம் கழிச்சு 9.6க்கு ஏறியிருக்கு. இது கேட்காமப் போனா ரத்தம் ஏத்தணும். ஒரு பாக்கெட் ரத்தத்துல 200 மில்லிகிராமுக்கு மேல இரும்பு இருக்குது, உடம்பு ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு மில்லிகிராம்தான் வெளிய விடும். அதனால இரும்பு டானிக் இனிமே வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு கண்டிப்பு. சுவரொட்டி ஆசைக்குச் சாப்பிட்டுக்கலாம், ரத்தம் ஊறும்னு சாப்பிட வேண்டாம். இன்னொரு கண்டிப்பு: காய்ச்சல் வந்தா மாத்திரை போட்டுப் பாக்கலாம்னு உக்காரக் கூடாது. வெள்ளணு கம்மிங்கறதால அன்னைக்கே ஆஸ்பத்திரி.

எல்லாருக்கும் எலும்புல ஊசி போட்டுத்தான் ஆகணும்னு இல்லை. எங்க ஊர்ல படுத்த படுக்கையா இருக்கற 90 வயசு ஆத்தா ஒருத்தருக்கும் இதே மாதிரி எண்கள். முடிவு என்ன வந்தாலும் ரத்தம் ஏத்தறதைத் தவிர வேற செய்யப்போறதில்லைன்னு அவங்க வீட்டுல டாக்டர்கிட்ட பேசி விட்டுட்டாங்க, அது நியாயம்தான். சிலருக்கு மஜ்ஜையைப் பாத்தும் சொல்ல முடியாது: உருவக் கோளாறு பத்து சதவீதத்தைத் தொடாது, குரோமோசோமும் சரியா இருக்கும். அவங்களுக்குப் பேர் வைக்காம, மாசாமாசம் ரத்தம் பாத்துட்டு, இறங்கினா மறுபடி ஊசி.

நீங்க ஊருக்குப் போறப்ப அப்பா அம்மாவோட பழைய ரத்த ரிப்போர்ட்டையெல்லாம் தேதி வாரியா அடுக்குங்க. ஹீமோகுளோபின் மட்டும் பாத்துட்டு மூடி வைக்காதீங்க. தட்டணு, வெள்ளணு, எம்.சி.வி. மூணையும் ஒரு தாள்ல எழுதுங்க. ரெண்டு வகை அணு சேர்ந்து இறங்குதுன்னா, எம்.சி.வி. நூறைத் தாண்டுதுன்னா, இரும்பு மாத்திரை ரெண்டு மாசம் சாப்பிட்டும் அசையலைன்னா, அந்தத் தாளை எடுத்துக்கிட்டு ரத்த நோய் டாக்டரைப் பாருங்க. ரத்தம் ஏத்தறதுக்கும் பி12 ஊசி போடறதுக்கும் முந்தியே சாம்பிள் எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் எடுத்தா கணக்கு கலங்கிரும்.

பெரியப்பா இந்தப் போகத்துக்கு ஒண்ணரை ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுட்டாரு. மீதி ஒரு ஏக்கர் அவரே நட்டிருக்காரு. பூ எடுக்கற சமயம். சாயங்காலம் வரப்புல நின்னு ஒரு கதிரை உருவி, விரல்ல நசுக்கி, பால் பிடிச்சிருக்கான்னு பாத்துக்கிட்டு இருக்காரு.